பிபி ஸ்டேஷன் செக்லிஸ்ட்: "180 வரை ஏத்து" எல்லாருக்குமா?

செகண்ட்இயர்_அடையாறு | ஆகஸ்ட் 3, இரவு 9.50

அடுத்த வாரம் ஆஸ்கி பரீட்சை. பிபி ஸ்டேஷனுக்கு 5 நிமிஷம், டயல் வச்ச மானோமீட்டர், பேஷண்ட் சேர்ல உட்கார்ந்திருப்பார். ஸ்கில் லேப் டெமோவில் எடுத்த நோட்ஸை வச்சு பேட்ச்ல ஒருத்தர் செக்லிஸ்ட் போட்டு குரூப்ல விட்டாங்க. எல்லாரும் அதைத்தான் மனப்பாடம் பண்றாங்க. ஒரு எழுத்து மாத்தாம போடறேன்:

"1. வணக்கம், பர்மிஷன். 2. கஃப் கட்டு, முழங்கை மடிப்புக்கு 2 விரல் மேல. 3. ரேடியல் பிடிச்சிக்கிட்டே ஏத்து, 150ல போச்சு. 4. காத்தை இறக்கு. 5. ஸ்டெத் வை. 6. 180 வரை ஏத்து. 7. மெதுவா இறக்கு. முதல் சத்தம் சிஸ்டாலிக், சத்தம் நின்னா டயஸ்டாலிக். 8. பேசிக்கிட்டே செய். 9. எழுது, நன்றி சொல்லு."

6வதுதான் உதைக்குது. 180 எல்லாருக்குமா? ஒரு சீனியர் 200ன்னு சொல்றார். அப்புறம் ஒவ்வொரு வரியிலும் எக்ஸாமினர் எதைப் பார்த்து டிக் போடுவாங்கன்னு தெரிஞ்சவங்க சொன்னா நல்லா இருக்கும்.

நைட்டூட்டி_சிஆர்ஐ | ஆகஸ்ட் 3, இரவு 10.15

200. ஒரே நம்பரா வச்சுக்கோ, குழப்பமே இல்ல. பெரும்பாலான பேஷண்டுக்கு 200க்கு மேல இருக்காது, சத்தம் மிஸ் ஆகவே ஆகாது. ரேடியல் பிடிக்கிறதெல்லாம் ஒரு மார்க். டைம் இல்லன்னா விட்டுட்டுப் போ. வார்டுல யார் அதைப் பண்றாங்க?

மெடிசின்_குரோம்பேட்டை | ஆகஸ்ட் 4, காலை 6.30

அந்த நோட்ஸின் 3வது வரியையும் 6வது வரியையும் சேர்த்துப் படியுங்கள். டெமோவில் உட்கார்ந்தவருக்கு ரேடியல் 150ல் மறைந்திருக்கிறது. சொல்லிக்கொடுத்தவர் அதோடு 30 கூட்டி 180 வரை ஏற்றியிருக்கிறார். பார்த்தவர் 180ஐ மட்டும் குறித்துக்கொண்டார், கூட்டலை விட்டுவிட்டார். அந்த ஒரு பேஷண்டின் எண் இப்போது எல்லாருக்குமான விதி ஆகிவிட்டது.

செக்லிஸ்டில் இருக்கவேண்டியது "ரேடியல் மறைந்த அளவுக்கு மேல் 30" என்பது. எக்ஸாமினர் பார்ப்பதும் அதையே. முதலில் கிடைத்த அளவை மாணவர் வாய்விட்டுச் சொல்கிறாரா, இரண்டாம் முறை முள் அதற்கு 30 மேலே போய் நிற்கிறதா, அவ்வளவுதான். 110ல் மறைந்தால் 140. 150ல் மறைந்தால் 180. 190ல் மறைந்தவருக்கு 180 வரை மட்டும் ஏற்றினால், காற்றை இறக்க ஆரம்பிக்கும்போதே சத்தம் கேட்கும். எது முதல் சத்தம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

நைட்டூட்டி தம்பிக்கு: 200 வைத்தால் சத்தம் பெரும்பாலும் தப்பாது என்பது உண்மை. ஆனால் ரேடியலை விடச் சொல்வதில்தான் சிக்கல். சிலருக்கு முதல் சத்தத்துக்குப் பிறகு நடுவில் ஒரு மௌனம் வரும், கொஞ்சம் கீழே போனதும் சத்தம் மறுபடி தொடங்கும். உதாரணத்துக்கு ஒருவருக்கு நிஜ சிஸ்டாலிக் 190, மௌனம் 170 முதல் 150 வரை என்று வைத்துக்கொள்வோம். ரேடியல் பார்க்காமல் "160 போதும்" என்று நிறுத்தியவர் மௌனத்துக்குள்ளேயே நிற்கிறார். அவருக்கு முதலில் கேட்பது 150. அதை எழுதிவிட்டு வருவார், பேஷண்டும் வீட்டுக்குப் போய்விடுவார். ரேடியல் பிடித்திருந்தால் 190 வரை விரலில் துடிப்பு இருந்திருக்கும், இந்த வலையில் விழ முடியாது.

நைட்டூட்டி_சிஆர்ஐ | ஆகஸ்ட் 4, காலை 7.05

சரி சார், அப்போ எல்லாருக்கும் 220 ஏத்திட்டா அந்த மௌனமும் தாண்டிடும்ல? 😀

மெடிசின்_குரோம்பேட்டை | ஆகஸ்ட் 4, காலை 7.40

தாண்டும். உங்கள் 5 நிமிஷமும் சேர்ந்து தாண்டும். வினாடிக்கு 2 என்று இறக்க வேண்டும். 220ல் தொடங்கி 70க்கு வர 75 வினாடி. 118/76 உள்ள பேஷண்டை 140ல் தொடங்கினால் 70க்கு வர 35 வினாடி. அந்த 40 வினாடி மிச்சமாகிறது. கை நெரிபடும் வலியும் அவருக்கு மிச்சம். பேஷண்ட் முகம் சுளிப்பதைக் கவனிக்காமல் பல்பை அமுக்கிக்கொண்டே இருப்பவருக்கு எக்ஸாமினர் மொத்த மதிப்பீட்டில் குறைப்பார், அது செக்லிஸ்டில் தனி வரியாக இருக்காது.

மயிலை_ரிட்டயர்டு | ஆகஸ்ட் 4, காலை 9.20

வணக்கம். எனக்கு வயது 68. 180 வரை ஏற்றுவது பற்றிப் பேசுகிறீர்கள். என் வீட்டு மெஷினும் ஒவ்வொரு முறையும் 180க்கு மேல் எண்ணைக் காட்டுகிறது, பிறகுதான் இறங்குகிறது. கடைசியில் 152 என்று நிற்கிறது. டாக்டரிடம் போனால் 138. அப்படியானால் என் நிஜமான பிரஷர் 180ஆ, 152ஆ, 138ஆ? மாத்திரையைக் கூட்ட வேண்டுமா?

ஸ்கில்லேப்_அக்கா | ஆகஸ்ட் 4, காலை 10.45

ஐயா, இவங்க பேசறது பரீட்சை ஸ்டேஷன் பத்தி. இருந்தாலும் சொல்றேன். மேலே ஓடுற 180 உங்க பிரஷர் இல்லீங்க, பட்டைக்குள்ள மெஷின் அடைக்கிற காத்தோட அளவு. கடைசியா நிக்கிற எண்தான் உங்களோடது. மாத்திரையை இங்க கேட்டுக் கூட்டவோ குறைக்கவோ வேணாம், உங்க டாக்டர்கிட்ட வீட்டு எண்களை எழுதி எடுத்துட்டுப் போங்க.

152க்கும் 138க்கும் காரணம் பல இருக்கலாம். ஒண்ணு மட்டும் கேக்கறேன், பார்க்கும்போது கை எங்க இருக்கு?

மயிலை_ரிட்டயர்டு | ஆகஸ்ட் 4, காலை 11.10

ஈஸி சேரில் சாய்ந்தபடி பார்ப்பேன். கை பக்கவாட்டில் தொங்கும்.

ஸ்கில்லேப்_அக்கா | ஆகஸ்ட் 4, பகல் 12.30

அங்கதான் பாருங்க. கட்டின இடம் நெஞ்சு மட்டத்துக்கு 10 செ.மீ. கீழ இறங்கினா எண் சுமார் 7, 8 கூடிடும். டைனிங் டேபிள்ல உட்கார்ந்து, முதுகைச் சாய்ச்சு, கையை டேபிள் மேல வச்சு ஒரு வாரம் பாருங்க. பாதம் ரெண்டும் தரையில இருக்கட்டும், கால்மேல் கால் வேணாம்.

செகண்ட்இயர், உன் குரூப் லிஸ்ட்ல கை எங்க வைக்கணும்னு ஒரு வரி கூட இல்ல. ஏன்னா டெமோவில் மேசையும் நாற்காலியும் முன்னாடியே சரியா போட்டிருக்கும். பேஷண்டா உட்கார்ந்தவரும் விவரம் தெரிஞ்சவர், தானா கையை மேசை மேல வச்சிருப்பார். யாரும் எதுவும் செய்யல, அதனால யாரும் எழுதல. பரீட்சையில் உட்காருறவர் வேணும்னே கையை மடியில வச்சுப்பார். அப்படி வைக்கச் சொல்லித்தான் அவருக்கு எழுதிக் கொடுத்திருப்பாங்க. நீ கையைத் தூக்கி மேசையில வைக்கிறியா, உள்ளங்கை மேல பார்க்குதான்னு பார்த்துட்டு டிக். காலை மாட்டிக்கிட்டு உட்காரச் சொன்னதும் உண்டு.

செகண்ட்இயர்_அடையாறு | ஆகஸ்ட் 4, மாலை 5.15

இது புதுசா இருக்கு அக்கா. அப்போ 8வது வரி, "பேசிக்கிட்டே செய்"? டெமோவில் சார் நிஜமாவே முழுக்க பேசிக்கிட்டேதான் செய்தார்.

ஸ்கில்லேப்_அக்கா | ஆகஸ்ட் 4, மாலை 6.00

அவர் உங்ககிட்ட பேசினார்ப்பா, பேஷண்ட்கிட்ட இல்ல! 40 பேர் சுத்தி நின்னா விளக்கித்தானே ஆகணும். பரீட்சையில் கட்டுறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் சொல்லி முடிச்சிடு: "ஐயா, பிபி பார்க்கப் போறேன். கையில பட்டை கட்டி காத்து அடிப்பேன், கொஞ்ச நேரம் இறுக்கமா இருக்கும், அப்புறம் விட்டுடும். பார்த்து முடிக்கிற வரைக்கும் பேசாம இருங்க." கடைசி வாக்கியத்துக்குத் தனி மார்க் உண்டு. பேஷண்ட் பேசினாலே அளவு ஏறும். நீ பேச்சுக் கொடுத்து அவர் பதில் சொன்னா ஏத்தி விட்டது நீதான்.

பேரைக் கேக்கும்போதும் "நீங்கதானே இன்னார்?"ன்னு கேக்காதே. வயசானவங்க எதுக்கும் தலையாட்டுவாங்க. "உங்க பேர் சொல்லுங்க"ன்னு கேட்டு, அவர் சொன்னதை ஷீட்டோட ஒப்பிட்டுப் பாரு.

இன்னொண்ணு. 4க்கும் 5க்கும் நடுவுல ஒரு வரி காணோம். காத்தை இறக்கினதும் அரை நிமிஷம் விடணும். கையில தேங்கின ரத்தம் வடியலன்னா சத்தம் மங்கிக் கேக்கும். டெமோவில் அந்த அரை நிமிஷத்துல யாராவது சந்தேகம் கேட்டிருப்பாங்க, சார் பதில் சொல்லியிருப்பார். நோட்ஸ் எடுத்தவங்களுக்கு அது காத்திருப்பா தெரியல, கேள்வி நேரமா தெரிஞ்சிருக்கு.

செகண்ட்இயர்_அடையாறு | ஆகஸ்ட் 4, மாலை 6.20

குரூப்ல கேட்டேன். நிஜமாவே அந்த இடத்துலதான் ஒருத்தி கை தூக்கி கேள்வி கேட்டிருக்கா. அக்கா நீங்க அங்க இருந்தீங்களா?

ஸ்கில்லேப்_அக்கா | ஆகஸ்ட் 4, மாலை 6.25

எல்லா டெமோவும் அப்படித்தான்.

பிசியாலஜி_பிஜி | ஆகஸ்ட் 4, இரவு 8.40

ஒரு திருத்தம். பல்பேட்டரி சிஸ்டாலிக் என்பது ரேடியல் மறையும் அளவு இல்லை. இன்னும் 20, 30 ஏற்றிவிட்டு இறக்கும்போது துடிப்பு திரும்ப வரும் அளவுதான். எங்கள் பிராக்டிகலில் அப்படித்தான் எழுதவேண்டும், மறையும் அளவை எழுதினால் தப்பு. அதோடு கஃப் சின்னதாக இருந்தால் அளவு குறைவாகக் காட்டும் என்பதையும் லிஸ்டில் சேருங்கள்.

மெடிசின்_குரோம்பேட்டை | ஆகஸ்ட் 4, இரவு 9.30

இரண்டாவதை முதலில் திருத்திவிடுகிறேன், இதை யாராவது மனப்பாடம் செய்துவிடக் கூடாது. கஃப் சின்னதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். பெரிதாக இருந்தால்தான் குறையும். உள்ளே இருக்கும் ரப்பர் பை, கைச் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்றிவர வேண்டும். அகலம் சுற்றளவில் 40 சதவீதம். 30 செ.மீ. கைக்கு 24 செ.மீ. நீளமும் 12 செ.மீ. அகலமும் உள்ள பை வேண்டும்.

மறைவதா, திரும்புவதா என்பதில் இரண்டு பழக்கமும் இருக்கின்றன. உங்கள் துறை திரும்பும் அளவை எழுதச் சொன்னால் அங்கே அதை எழுதுங்கள். எங்கள் ஸ்டேஷனில் அது இரண்டாம் முறை எவ்வளவு ஏற்றுவது என்று அறிய மட்டுமே, அதனால் மறையும் அளவே போதும் என்று வைத்திருக்கிறோம். கைக்கு வேலையும் குறைவு.

பிசியாலஜி_பிஜி | ஆகஸ்ட் 4, இரவு 9.55

கஃப் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ரேடியலில் ஒத்துக்கொள்ள முடியாது சார். மறையும் கணத்தைப் பல்பை அமுக்கிக்கொண்டே பிடிப்பது கஷ்டம், முள் 10, 10ஆகத் தாவும். இறக்கும்போது நிதானமாகப் பார்க்கலாம்.

மெடிசின்_குரோம்பேட்டை | ஆகஸ்ட் 4, இரவு 10.10

70 வரை வேகமாக ஏற்றிவிட்டு அதன்பின் சின்னச் சின்ன அமுக்காக ஏற்றினால் தாவாது. ஆனால் நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாணவர்கள் தங்கள் துறையின் பழக்கத்தைப் பின்பற்றட்டும்.

நைட்டூட்டி_சிஆர்ஐ | ஆகஸ்ட் 5, அதிகாலை 2.30

டியூட்டில இருந்து ஒரு டவுட். "எக்ஸாமினர் என்ன பார்ப்பாங்க"ங்கிறதுக்கு எல்லாரும் செய்யறதைச் சொல்றீங்க. என் அனுபவம் வேற: வாயால சொன்னா மார்க். "ஐ வில் வாஷ் மை ஹேண்ட்ஸ்"னு ஒப்பிச்சிட்டு தண்ணியே தொடாதவனுக்கெல்லாம் டிக் விழுந்திருக்கு. அதனால லிஸ்ட்ல எல்லா வரியையும் வசனமா எழுதிக்கோன்னு சொல்வேன்.

மெடிசின்_குரோம்பேட்டை | ஆகஸ்ட் 5, காலை 6.45

சில இடங்களில் அப்படி நடக்கிறது, மறுக்கவில்லை. செக்லிஸ்டை எழுதியவர் "கை சுத்தம் பற்றி அறிவார்" என்று எழுதியிருந்தால் எக்ஸாமினரால் வேறென்ன செய்ய முடியும்? "ஹேண்ட் ரப் எடுத்து இரு கைகளிலும் தேய்க்கிறார்" என்று எழுதியிருந்தால் ஒப்பிப்பவருக்கு டிக் விழாது. 1975ல் டண்டீயில் ஹார்டன் இந்த ஆஸ்கி முறையைக் கொண்டுவந்ததே, எக்ஸாமினருக்கு எக்ஸாமினர் மார்க் மாறுவதைக் குறைக்கத்தான். கண்ணால் பார்க்கிற, காதால் கேட்கிற வரி இல்லையென்றால் அந்தப் பயன் போய்விடும்.

நீங்களே லிஸ்ட் போடும்போதும் இதைச் சோதனையாக வையுங்கள். அறைக்கு வெளியே கண்ணாடி வழியாகப் பார்க்கும் ஒருவர் இந்த வரிக்கு ஆமாம், இல்லை என்று சொல்ல முடியுமா? "மெதுவா இறக்கு" என்றால் முடியாது. "முள் வினாடிக்கு ஒரு சின்னக் கோடு இறங்குகிறது" என்றால் முடியும், டயலில் ஒரு சின்னக் கோடு 2.

வாயால் சொல்லியே தீரவேண்டியவையும் உண்டு, அவை ஸ்டேஷனுக்குள் செய்ய முடியாதவை. 5 நிமிஷ ஓய்வை 5 நிமிஷ ஸ்டேஷனில் கொடுக்க முடியாது. அதனால் "வந்து உட்கார்ந்து 5 நிமிஷம் ஆச்சா? அரை மணிக்குள்ள காபி, டீ, சிகரெட் உண்டா?" என்று கேட்டால் போதும். முதல் தடவை பார்ப்பவருக்கு இரண்டு கையிலும் பார்க்கவேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு ஒரு கையோடு நிறுத்தலாம்.

ஸ்கில்லேப்_அக்கா | ஆகஸ்ட் 5, காலை 11.00

மெதுவா இறக்குறதுல பாதிப் பேர் தோக்குறது வால்வுலதான், அதை எந்த லிஸ்ட்லயும் பார்த்ததில்ல. காத்து கசியுமோன்னு பயந்து திருகை முழு பலத்தோட இறுக்கிடுவாங்க. அப்புறம் ஒரு கையால திறக்க வராது. பலமா திருகினா டப்னு திறந்து முள் 140லேருந்து 90க்கு விழும். வேகமா விழுந்தா சிஸ்டாலிக் குறைவாவும் டயஸ்டாலிக் கூடுதலாவும் வரும். விரல் நுனியால லேசா தடை தட்டுற வரைக்கும் இறுக்கினா போதும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் திருகு மேலயே இருக்கணும், பல்பு உள்ளங்கையில.

ரெண்டாவது, ஸ்டெத். ரெண்டு பக்கத் தலை இருக்கிற ஸ்டெத்னா எந்தப் பக்கம் திறந்திருக்குன்னு தட்டிப் பாரு. மூடின பக்கத்தை வச்சுட்டு "சத்தமே கேக்கல மேடம்"னு நிப்பாங்க. காதுல மாட்டுற முனை முன்பக்கம் பார்க்கணும். தலையை கஃப் அடியில செருகாதே. அழுத்தவும் அழுத்தாதே, அமுக்கினா சத்தம் நிக்கவேண்டிய இடத்தைத் தாண்டியும் கேட்டுக்கிட்டே இருக்கும், டயஸ்டாலிக் குறைவா எழுதிடுவே.

பிசியாலஜி_பிஜி | ஆகஸ்ட் 5, பகல் 1.15

ஸ்டெத்தில் பெல் பக்கம்தானே வைக்க வேண்டும்? கொரோட்காஃப் சத்தம் தாழ்ந்த சுருதி.

ஸ்கில்லேப்_அக்கா | ஆகஸ்ட் 5, பகல் 1.40

பெல் வச்சா ரொம்பச் சரி. டயாஃப்ரம் வச்சவங்களுக்கு நாங்க மார்க் குறைக்கிறதில்ல, பரப்பு பெருசு, இடம் தப்பாது. உங்க துறையில குறைப்பாங்களான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

செகண்ட்இயர்_அடையாறு | ஆகஸ்ட் 5, இரவு 10.30

எல்லாத்தையும் கோத்து மறுபடி எழுதினேன். அடைப்புக்குறி எல்லாம் எடுத்துட்டேன், ஒவ்வொரு வரியும் பார்க்கக்கூடியதா இருக்கான்னு சொல்லுங்க.

1. ஹேண்ட் ரப் தேய்க்கிறது. தன் பேர் சொல்லி, பேஷண்ட் பேரைக் கேட்டு ஷீட்டோட ஒப்பிடறது.
2. என்ன செய்யப் போறோம், இறுக்கும், பேசக்கூடாது. சம்மதம் கேட்டு பதில் வரும்வரை நிக்கறது.
3. ஓய்வு, காபி, சிகரெட் கேக்கறது.
4. முதுகு சாஞ்சு, கால் பிரிஞ்சு, கை மேசையில நெஞ்சு மட்டத்துல. சட்டைக் கை விலக்கினது.
5. முள் பூஜ்யத்துல இருக்கான்னு பார்க்கறது. கஃப் அளவைக் கையோட வச்சுப் பார்க்கறது.
6. பிரேக்கியல் துடிப்பை விரலால தேடி, பையோட நடுப்பகுதி அதுக்கு மேல வர்ற மாதிரி, மடிப்புக்கு 2, 3 செ.மீ. மேல கட்டறது.
7. ரேடியல் பிடிச்சு ஏத்தி, மறைஞ்ச அளவை வாய்விட்டுச் சொல்றது.
8. முழுசா இறக்கி அரை நிமிஷம்.
9. ஸ்டெத்தை பிரேக்கியல் மேல, 7ல வந்த அளவு + 30 வரை.
10. ஒரு வினாடிக்கு ஒரு கோடு. முதல் சத்தம், சத்தம் முழுசா நின்ன இடம்.
11. முழுசா இறக்கி கழட்டறது. எந்தக் கை, என்ன நிலை, அளவு எழுதறது. பேஷண்ட்கிட்ட சொல்றது.

மெடிசின்_குரோம்பேட்டை | ஆகஸ்ட் 6, காலை 6.20

நன்றாக வந்திருக்கிறது. மூன்று இடத்தில் கை வைக்கிறேன்.

"சட்டைக் கை விலக்கினது" என்பதில் ஆபத்து இருக்கிறது. இறுக்கமான ரவிக்கைக் கையையோ முழுக்கைச் சட்டையையோ மேலே சுருட்டினால், அந்தச் சுருளே ஒரு கட்டுப் போல கையை நெரிக்கும். சுருட்டிய துணிக்கும் கைக்கும் நடுவே ஒரு விரல் போகவில்லை என்றால் கையைச் சட்டையிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பெண் நோயாளி என்றால் திரை, துணைக்கு ஒரு பெண் என்று கேட்டுவிட்டு. இதில் பாதிப் பேர் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா விட்டுவிடுகிறார்கள்.

8ல் "முழுசா" என்பதை எக்ஸாமினர் முள்ளில் பார்ப்பார். வால்வை அரைகுறையாகத் திறந்தால் கஃபுக்குள் 20, 30 நின்றுகொண்டே இருக்கும். பூஜ்யத்துக்கு வந்தது என்று எழுதுங்கள்.

11ல் எழுதும் எண் இரட்டைப்படையா என்று பார்ப்பேன். டயலில் 2, 2ஆகத்தான் கோடு. 125/85 என்று எழுதிக் கொடுத்தால், அவர் முள்ளைப் படிக்காமல் தோராயமாக எழுதியிருக்கிறார் என்று புரிந்துவிடும்.

வரிசை பற்றி யாரும் கேட்கவில்லை. 3க்கும் 4க்கும் இடம் மாறினால் யாரும் மார்க் குறைக்கப் போவதில்லை. 7, 8, 9 மட்டும் மாறக் கூடாது, 9க்கு வேண்டிய எண்ணை 7 தருகிறது, 8 விட்டுப்போனால் 9ல் கேட்பது நம்பும்படி இருக்காது. லிஸ்டில் அந்த மூன்றையும் ஒரு பெட்டிக்குள் போடுங்கள், மற்றதைத் தளர்த்தி விடுங்கள். எல்லாவற்றையும் இறுக்கமான வரிசையாக மனப்பாடம் செய்தவர் ஒன்றை மறந்ததும் மொத்தமாக நின்றுவிடுகிறார்.

நைட்டூட்டி_சிஆர்ஐ | ஆகஸ்ட் 6, காலை 7.30

சத்தமே சரியா கேக்கலன்னா? பாதியில மறுபடி பம்ப் பண்ணலாமா?

மெடிசின்_குரோம்பேட்டை | ஆகஸ்ட் 6, காலை 8.00

கூடாது. பாதியில் ஏற்றினால் கையில் ரத்தம் இன்னும் தேங்கும். பூஜ்யத்துக்கு இறக்கி, "ஐயா, இன்னொரு தடவை பார்க்கறேன்" என்று சொல்லி, அரை நிமிஷம் விட்டு மறுபடி தொடங்கட்டும். அப்படிச் செய்பவருக்கு எங்கள் ஷீட்டில் மார்க் குறைவதில்லை. கேட்காததைக் கேட்டதாக ஒரு எண்ணை எழுதுபவருக்குத்தான் போகும். எக்ஸாமினர் இரண்டு பேர் கேட்கும் ஸ்டெத்தில் கூடவே கேட்டுக்கொண்டிருப்பார், இல்லையென்றால் டம்மி கையில் அளவை முன்பே செட் செய்து வைத்திருப்பார்.

மயிலை_ரிட்டயர்டு | ஆகஸ்ட் 6, காலை 9.10

மேசையில் கை வைத்துப் பார்த்தேன். 144. நீங்கள் சொன்ன பட்டியலை என் பேத்திக்கு அனுப்பலாமா? அவள் நர்சிங் முதல் வருஷம்.

ஸ்கில்லேப்_அக்கா | ஆகஸ்ட் 6, காலை 10.20

தாராளமா அனுப்புங்க ஐயா. அவங்க காலேஜ் ஷீட்ல ரேடியல் மறையுறதா, திரும்புறதான்னு மட்டும் கேட்டுக்கச் சொல்லுங்க. ஒரு நாள் எண்ணை வச்சு முடிவு பண்ணிடாதீங்க, வாரம் முழுக்க எழுதுங்க.

செகண்ட்இயர், ஒண்ணு விட்டுப்போச்சு. ஸ்டேஷன்ல ஒரே ஒரு கஃப்தான் வச்சிருப்பாங்க, பேஷண்ட் கை பருமனா இருந்தா அது பத்தாது. பேசாம கட்டிடாதே. "இந்தக் கைக்கு இது சின்னது, பெரிய கஃப் வேணும், இதுல பார்த்தா கூடுதலா காட்டும்"னு சொல்லிட்டு கட்டு. 5வது வரிக்கு டிக் போடறது நீ அதைச் சொன்னா மட்டும்தான்.

செகண்ட்இயர்_அடையாறு | ஆகஸ்ட் 6, இரவு 9.05

சேர்த்துட்டேன். 7, 8, 9ஐச் சுத்திப் பெட்டி போட்டு குரூப்ல விட்டாச்சு. பழைய லிஸ்ட்டை டெலிட் பண்ணச் சொன்னா ரெண்டு பேர் ஏற்கனவே பிரிண்ட் எடுத்துட்டாங்களாம். 180ஐ பேனாவால அடிச்சு "+30"ன்னு எழுதச் சொல்லியிருக்கேன்.